தங்கம் விலை ஏறினால் பழைய நகை ஏன் சந்தைக்கு வருகிறது?

2023ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஓர் அவுன்சு தங்கத்தின் சராசரி விலை 1,941 டாலர். 2024இல் அது 2,386 டாலர். ஓராண்டுக்குள் 23 விழுக்காடு ஏற்றம். உலகத் தங்கக் கவுன்சில் வெளியிட்ட கணக்கின்படி, அதே ஓராண்டில் உலக மக்கள் வாங்கிய புதிய நகைகளின் எடை 11 விழுக்காடு குறைந்து 1,877 டன்னாக இறங்கியது. மக்கள் காசுக்கு விற்று, உருக்கப்பட்டு, மீண்டும் கட்டியாகச் சந்தைக்கு வந்த பழைய தங்கமோ 11 விழுக்காடு கூடி 1,370 டன்னாக உயர்ந்தது. குறைந்ததும் 11, கூடியதும் 11 என்பது தற்செயல்தான்; அதற்குள் ஆழ்ந்த பொருள் எதையும் தேட வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தது தற்செயல் அன்று.

பொருளியல் பாடநூலில் இதற்கு விடை ஒரே வரியில் இருக்கிறது: விலை ஏறினால் தேவை குறையும், அளிப்பு கூடும். அந்த வரி பிழையானது இல்லை, ஆனால் தங்கத்தைப் பொறுத்தவரை அது பாதி வழியிலேயே நம்மை இறக்கிவிட்டுவிடுகிறது. அரிசியையோ எஃகையோ விற்பவர் வேறு, வாங்குபவர் வேறு. நகையில் அப்படியில்லை, இன்று வளையல் வாங்க நினைக்கும் குடும்பமும் நாளை பழைய சங்கிலியை விற்க நினைக்கும் குடும்பமும் பெரும்பாலும் ஒரே குடும்பமாகவே இருக்கின்றன. ஒரே விலைப் பலகையைப் பார்த்து ஒரே மனிதர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதால்தான், நெகிழ்ச்சி என்ற கருத்தை இரு பக்கமும் வைத்துப் பார்க்கத் தங்கத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

விலை நெகிழ்ச்சி என்பது, விலை ஒரு விழுக்காடு மாறும்போது அளவு எத்தனை விழுக்காடு மாறுகிறது என்பதைச் சொல்லும் எண். 2024ஆம் ஆண்டின் கணக்கை அப்படியே போட்டால், நகைத் தேவையின் நெகிழ்ச்சி 11ஐ 23ஆல் வகுத்துக் கிடைக்கும் 0.48, திசை எதிர்மறையாதலால் முன்னால் ஒரு கழித்தல் குறி. பழைய தங்க அளிப்பின் நெகிழ்ச்சியும் அதே 0.48, கூட்டல் குறியோடு. இரண்டும் ஒன்றுக்குக் குறைவு. அதாவது, எடை குறைந்தது உண்மை. ஆனால் விலை ஏறிய வேகத்துக்கு அது குறையவில்லை. இதைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. எடை 0.89 மடங்காகவும் விலை 1.23 மடங்காகவும் ஆனால், மக்கள் நகைக்குச் செலவழித்த மொத்தப் பணம் ஏறத்தாழ 1.09 மடங்காக வேண்டும். உண்மையில் அந்த ஆண்டு நகைக்கான செலவு 9 விழுக்காடு கூடி 144 பில்லியன் டாலரைத் தொட்டது. எனவே ‘விலை ஏறியதால் மக்கள் தங்கத்தை விட்டு விலகிவிட்டார்கள்’ என்று படிக்க நேரும்போதெல்லாம், எடையைச் சொல்கிறார்களா பணத்தைச் சொல்கிறார்களா என்று பார்ப்பது நல்லது. கூடுதல் பணம் கொடுத்துக் குறைந்த தங்கத்தை வாங்கினார்கள் என்பதே 2024இன் கதை.

நகை வாங்குபவர் மனத்தில் முதலில் தோன்றுவது கிராம் அன்று, தொகை. ஒரு நிகழ்வுக்காக இவ்வளவு பணம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பணத்துக்குள் எது கிடைக்கிறது என்று தேடுகிறார். எல்லோரும் இப்படியே நடந்துகொண்டால், செலவு மாறாது. விலை ஏறிய அளவுக்கு எடை இறங்கும். நெகிழ்ச்சி ஏறத்தாழ ஒன்று என்று வரும். அதற்கு மாறாக, இத்தனை கிராம் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவர்களுக்கு நெகிழ்ச்சி சுழியத்தை நெருங்கும்; அவர்கள் கடன் வாங்கியாவது அந்த எடையை வாங்குவார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம், நகை இல்லாவிட்டால் வேறொன்று என்று எளிதில் மாறிவிடக்கூடியது. அவர்களுடைய நெகிழ்ச்சி ஒன்றைத் தாண்டும். நாம் காணும் 0.48 இந்த மூவரின் கலவை. கலவையின் விகிதம் நாட்டுக்கு நாடு, ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், தங்க நகைக்கு ‘இதுதான் நெகிழ்ச்சி’ என்று ஒரு நிலையான எண்ணைத் தேடுவது வீண் முயற்சி என்றே எண்ணுகிறேன்.

தொகை மாறாமல் எடை குறைய வேண்டுமானால் நகையின் உருவம் மாற வேண்டும். விலை ஏறும் காலங்களில் உள்ளீடற்ற வளையல்களும் மெல்லிய தகடுகளும் கல் பதித்த வேலைப்பாடுகளும் பெருகுவதும், 22 காரட்டிலிருந்து 18க்கும் 14க்கும் இறங்குவதும் இதனால்தான். கண்ணுக்குத் தெரியும் அளவு அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் தங்கம் குறையும். புள்ளிவிவரம் எடுப்பவர் காண்பது தங்கத்தின் எடையை மட்டுமே. எனவே நகைகளின் எண்ணிக்கை அவ்வளவாகக் குறையாத ஆண்டிலும் ‘தேவை சரிந்தது’ என்றே அட்டவணை சொல்லும்.

விற்பவர் பக்கம் இதைவிடச் சுவையானது. ஆண்டுதோறும் புதிதாக உற்பத்தியாகும் பொருள்களுக்கு வகுத்த இலக்கணம் அங்கே அப்படியே பொருந்தாது. தங்கம் அழிவதில்லை. இதுவரை தோண்டி எடுக்கப்பட்ட தங்கம் 2024 இறுதியில் ஏறத்தாழ 2,16,000 டன் என்று மதிப்பிடப்படுகிறது. அதில் ஏறக்குறைய 97,000 டன் நகைகளாக இருக்கிறது. மறுசுழற்சிக்கு வரும் தங்கத்தில் பத்தில் ஒன்பது பங்கு இந்த நகைகளிலிருந்துதான் வருகிறது. எஞ்சியது பழைய மின்னணுப் பலகைகள் போன்றவற்றிலிருந்து கிடைப்பது. 2024இல் வந்த 1,370 டன்னை இந்த இருப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்; ஒன்றரை விழுக்காடு கூட இல்லை. உலகின் நகைப்பெட்டிகளில் நூற்றில் தொண்ணூற்றெட்டுக்கு மேல் அந்த ஆண்டு திறக்கப்படவே இல்லை என்று கொள்ளலாம். ஆனால் அந்த ஒன்றரை, இரண்டாக மாறினால் போதும், பல நூறு டன் கூடுதலாகச் சந்தையில் கொட்டும். மிகப் பெரிய இருப்பிலிருந்து மிகச் சிறிய பங்கு மட்டுமே வெளியே வரும் இடத்தில், மக்கள் மனத்தில் நேரும் சிறு அசைவும் வரத்தில் பெரிய துள்ளலாகத் தெரியும்.

சுரங்கத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 2024இல் சுரங்கங்கள் 3,661 டன் தங்கத்தைத் தந்தன. முந்தைய ஆண்டைவிட அது குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. 23 விழுக்காடு விலையேற்றத்துக்கு அவை காட்டிய பதில் கிட்டத்தட்ட மௌனம்தான். புதிய படிமம் ஒன்றைக் கண்டறிந்து, அளந்து, அனுமதி பெற்று, சாலையும் மின்சாரமும் கொண்டுசேர்த்து, முதல் கட்டியை வார்ப்பதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆவது வழக்கம். அதுமட்டுமல்ல, விலை ஏறினால் இயங்கிக்கொண்டிருக்கும் சுரங்கம், முன்பு கட்டுப்படியாகாமல் ஒதுக்கி வைத்த தரம் குறைந்த தாதுவையும் அரைக்கத் தொடங்கும். அதே ஆலையில் அதே டன் பாறையை அரைத்தும் தங்கம் குறைவாகக் கிடைப்பதுண்டு. பழைய நகைக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. உரசிப் பார்த்தோ எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்தோ தங்கத்தின் தூய்மை அளவான மாற்றைக் கணித்து, உருக்கி, சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பினால், சில நாள்களிலோ சில வாரங்களிலோ அது புதுக் கட்டியாகத் திரும்பும். குறுகிய காலத்தில் விலைக்குச் செவிசாய்க்கக்கூடிய பெரிய அளிப்பு இது ஒன்றுதான்.

விலை ஒவ்வொரு படி ஏறும்போதும் அளிப்பும் ஒவ்வொரு படி ஏறும் என்று நினைத்துவிடக் கூடாது. நகையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஓர் அகலமான இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் விலை உலவும்வரை மக்கள் வாங்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். கணக்குக்காக ஒருவரை எடுத்துக்கொள்வோம். தூய தங்கம் கிராமுக்கு 100 அலகு விற்ற ஆண்டில் அவர் 20 கிராம் தங்க அடக்கமுள்ள ஒரு சங்கிலியை வாங்குகிறார். செய்கூலியும் சேதாரமும் சேர்ந்து 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், அவர் கொடுத்தது கிராமுக்கு 112, மொத்தம் 2,240. திருப்பி விற்கும்போது அந்தச் செய்கூலி திரும்பாது. உருக்கும்போது ஏற்படும் இழப்பு, பற்றவைப்பால் குறையும் மாற்று, வாங்குபவரின் லாபம் எல்லாவற்றுக்குமாகச் சந்தை விலையில் 5 விழுக்காடு கழியும் என்றால், வாங்கிய மறுநாளே விற்றாலும் அவர் கைக்கு வருவது கிராமுக்கு 95தான்.

அவருடைய முதல் மீள வேண்டுமானால் சந்தை விலை எவ்வளவு ஏற வேண்டும்? 112ஐ 0.95ஆல் வகுத்தால் ஏறத்தாழ 118. விலை 105 ஆனாலும் 110 ஆனாலும் 115 ஆனாலும் அவரைப் பொறுத்தவரை எதுவும் நடக்கவில்லை, விற்றால் நட்டம். 118ஐத் தாண்டிய பிறகே சங்கிலி ‘லாபத்தில் இருக்கும் பொருளாக’ அவர் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். 2024இல் நடந்ததுபோல் விலை 23 விழுக்காடு ஏறி 123க்கு வந்துவிட்டால், அவருக்குக் கிராமுக்கு 116.85 கிடைக்கும், மொத்தம் 2,337. சிறு லாபம்தான், ஆனால் கோட்டின் இந்தப் பக்கம் வந்துவிட்டார். படிப்படியான 5 விழுக்காட்டு ஏற்றம் இந்தக் கோட்டைத் தாண்ட வைக்காது. ஒரே மூச்சில் வரும் 23 விழுக்காடு தாண்ட வைக்கும். திடீர் ஏற்றத்துக்குப் பிறகு பழைய தங்கம் குவிவதற்கும், மெதுவான ஏற்றத்தின்போது அது அவ்வளவாக அசையாமல் இருப்பதற்கும் இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம். செய்கூலி மிகுந்த வேலைப்பாட்டு நகைக்கு இந்தக் கோடு இன்னும் உயரத்தில் இருக்கும்; செய்கூலி 25 விழுக்காடாக இருந்தால் விலை 31 விழுக்காட்டுக்கு மேல் ஏறினால்தான் முதலே திரும்பும். செய்கூலி குறைந்த எளிய சங்கிலிகளும் வளையல்களும் முதலில் உலைக்குப் போவதற்கும் இதுவே காரணம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இருபது ஆண்டுக்கு முன் வாங்கியவர் இந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டாரே, அவர் ஏன் இன்று விற்கிறார்? அவர் தாம் வாங்கிய விலையை மறந்தே போயிருப்பார். அவர் மனத்தில் இருப்பது, விலை சென்ற முறை தொட்ட உச்சம். அந்த உச்சத்தைத் தாண்டும் நாள்வரை ‘இன்னும் ஏறட்டும்’ என்று இருப்பார். தாண்டியதும், இதற்கு மேல் போகுமா என்ற ஐயம் வரும். உடைந்த கொக்கி, ஒற்றைத் தோடு, யாரும் அணியாத மோதிரம் ஆகியவை முதலில் வெளியே வரும். இப்படி ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு விலை உண்டு. அந்த விலைகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக அடுக்கினால் கிடைப்பதுதான் பழைய தங்கத்தின் அளிப்புக் கோடு. அது சீராக ஏறிச் செல்லும் கோடாக இராது. பழைய உச்சம் இருந்த இடத்துக்குச் சற்று மேலே பலருடைய விலைகள் கூட்டமாக நிற்கும். அந்த இடத்தை விலை கடக்கும்போது நெகிழ்ச்சி சட்டென்று பெரிதாகும், கடந்த பிறகு மீண்டும் சிறுத்துவிடும்.

கணக்கெடுப்பு முறை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது பலர் கண்ணில் படுவதில்லை. பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகையை மாற்றி வாங்குவதை உலகத் தங்கக் கவுன்சில் மறுசுழற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. காசுக்கு விற்றதை மட்டுமே சேர்க்கிறது. அதேபோல, பழைய நகையை ஈடாகக் கொடுத்து வாங்கிய புதிய நகையும் நகைத் தேவைக் கணக்கில் வருவதில்லை. இரண்டு கணக்கிலும் ஒரே சமயத்தில் அது காணாமல் போகிறது. விலை ஏறும் காலங்களில் கையில் காசு போதாதவர்கள் செய்யும் முதல் வேலை இந்த மாற்றுதான். 20 கிராம் வாங்க வேண்டியவர் 12 கிராம் பழைய நகையைக் கொடுத்து எஞ்சிய 8 கிராமுக்கு மட்டும் பணம் கட்டினால், கணக்கில் தேவை 20லிருந்து 8ஆகக் குறைந்துவிடும். கடைக்காரரோ அன்று 20 கிராம் நகையை விற்றிருப்பார். ஆகவே அட்டவணையில் தெரியும் நகைத் தேவையின் வீழ்ச்சியில் ஒரு பகுதி, தங்கம் வாங்காமல் விட்டதால் அன்று, புதுத் தங்கம் வாங்காமல் விட்டதால் ஏற்பட்டது. பழைய தங்க வரத்தும் அட்டவணை காட்டுவதைவிட உண்மையில் பெரியது. நெகிழ்ச்சியைக் கணக்கிடும்போது இந்த ஒரு வரையறையே விடையை மாற்றிவிடும்.

இதுவரை சொன்னது சரியென்றால், விலை இறங்கும்போது எல்லாம் தலைகீழாக நடக்க வேண்டும். நடந்தது. 2013 ஏப்ரல் மாதம் இரண்டே வர்த்தக நாள்களில் தங்கம் அவுன்சுக்கு 200 டாலர் அளவுக்குச் சரிந்தது. அந்த ஆண்டின் சராசரி விலை 2012ஐவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. உலக நகைத் தேவை ஏறத்தாழ 2,140 டன்னிலிருந்து 2,700 டன்னைத் தாண்டியது; கால் பங்குக்கு மேல் ஏற்றம். பழைய தங்க வரத்து 1,640 டன் அளவிலிருந்து 1,200 டன்னாகச் சுருங்கியது. கால் பங்குக்கு மேல் வீழ்ச்சி. இரு பக்கமும் நெகிழ்ச்சி ஒன்றைவிடக் கணிசமாகப் பெரியதாக வருகிறது. 2024இன் 0.48 எங்கே, இது எங்கே? விலை இறங்கும்போது, தள்ளிப்போட்டு வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு வாங்க வேண்டியவரும் இந்த ஆண்டே வாங்கிவிடுகிறார். அதாவது, அந்தப் பெரிய எண்ணுக்குள் வருங்காலத் தேவையின் ஒரு பங்கும் ஒளிந்திருக்கிறது. ஓராண்டு நெகிழ்ச்சியையும் பத்தாண்டு நெகிழ்ச்சியையும் ஒன்றாகக் கருதுபவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2013க்கு முந்தைய நான்கு ஆண்டுகள். 2008இல் ஏறத்தாழ 1,350 டன்னாக இருந்த பழைய தங்க வரத்து 2009இல் 1,700 டன்னைத் தாண்டியது. அதற்குமுன் அப்படி ஓர் அளவு கண்டதில்லை. ஆனால் சராசரி விலை 872 டாலரிலிருந்து 972 டாலருக்குத்தான் போயிருந்தது. 11 விழுக்காடு ஏற்றத்துக்கு வரத்து கால் பங்குக்கு மேல் கூடியது. 2011இல் நடந்தது நேர்மாறு. சராசரி விலை 1,225 டாலரிலிருந்து 1,571 டாலருக்கு, அதாவது 28 விழுக்காடு ஏறியது. வரத்தோ முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைந்தது. ஒரே வாய்ப்பாட்டில் போட்டால் 2009க்கு இரண்டுக்கு மேல் ஒரு நெகிழ்ச்சியும், 2011க்குச் சுழியத்துக்குக் கீழே ஒரு நெகிழ்ச்சியும் கிடைக்கும். அளிப்புக் கோட்டுக்கு இப்படி இரண்டு முகங்கள் இருக்க முடியாது. எனவே வாய்ப்பாடு அளந்தது நெகிழ்ச்சியை மட்டும் அன்று என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

2009இல் விலை மட்டும் மாறவில்லை. நிதி நெருக்கடியில் வேலை இழந்தவர்களும் கடன் தவணை கட்ட முடியாதவர்களும் எந்த விலைக்கும் விற்க வேண்டிய நிலைக்கு வந்திருந்தார்கள். கோட்டின் மேல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்வது வேறு, கோடே இடம்பெயர்வது வேறு. வருமானம் விழுந்ததால் மக்களின் மனத்திலிருந்த விற்பனை விலைகள் ஒட்டுமொத்தமாக இறங்கின. பழைய விலையிலேயே கூடுதல் தங்கம் வந்திருக்கும். அதையும் விலையின் கணக்கில் எழுதினால் நெகிழ்ச்சி வீங்கித் தெரியும். 2011இலோ, எளிதில் விற்கக்கூடியவை முந்தைய இரண்டு ஆண்டுகளிலேயே விற்றுத் தீர்ந்திருந்தன. வணிகர்கள் சந்தைக்கு அருகிலுள்ள இருப்பு என்று குறிப்பிடுவது இதைத்தான்: பெட்டியின் மேல்தட்டில் கிடந்து, விற்கலாமா என்ற எண்ணத்தோடு ஏற்கெனவே பார்க்கப்பட்ட நகைகள். அணையின் மதகு மட்டத்துக்கு மேல் நிற்கும் நீர் திறந்ததும் பாய்ந்துவிடும். அதற்குக் கீழே உள்ள நீர் அணையில் இருந்தும் ஆற்றுக்கு இல்லை. 97,000 டன் இருப்பிலும் மதகுக்கு மேலே நிற்பது சிறு பகுதிதான். அது வடிந்தபின் விலை மேலும் ஏறினாலும் வரத்து அதே வேகத்தில் ஏறாது.

ஆகவே பழைய தங்கம் செவிசாய்ப்பது விலையின் உயரத்துக்கு அன்று, விலையின் பாய்ச்சலுக்கு என்று சொல்வது உண்மைக்கு இன்னும் நெருக்கமானது. பாய்ச்சல் நிகழ்ந்த முதல் சில மாதங்களில் வரத்து துள்ளும். விலை அந்த உயரத்திலேயே நின்றுவிட்டால், புதிய விலை பழக்கமாகி, வரத்து மெல்லத் தணியும்.

நாணயமும் இதில் ஒரு பொறி. விற்பவர் பார்ப்பது தம் நாட்டு நாணயத்தில் உள்ள விலையை. நாம் வரையும் வரைபடத்தில் இருப்பதோ பெரும்பாலும் டாலர் விலை. 1998 தொடக்கத்தில் டாலர் விலை 300க்குக் கீழே, பல ஆண்டுகளில் காணாத தாழ்வில் கிடந்தது. டாலர் வரைபடத்தை மட்டும் பார்த்தவர் அந்த ஆண்டு யாரும் தங்கம் விற்க மாட்டார்கள் என்றே கணித்திருப்பார். ஆனால் ஆசிய நிதி நெருக்கடியில் தென்கொரியாவின் வொன் சில மாதங்களில் ஏறத்தாழ பாதி மதிப்பை இழந்திருந்தது. வொன் கணக்கில் தங்கத்தின் விலை எகிறியிருந்தது. நாட்டின் வெளிக்கடனை அடைக்கத் தங்கம் திரட்டும் இயக்கத்தில் ஏறத்தாழ 35 லட்சம் பேர் கலந்துகொண்டு 227 டன் அளவுக்குக் கொடுத்தார்கள். அதில் நாட்டுப்பற்றுக்கும் நெருக்கடிக்கும் பெரும் பங்கு உண்டு. அதை வெறும் விலை நெகிழ்ச்சியாகப் படிப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. ஆயினும், டாலர் விலையை வைத்து உலக நெகிழ்ச்சியைக் கணக்கிடுபவருக்கு அந்த ஆண்டு ஒரு விலைச் சரிவின் நடுவே வந்த வரத்து ஏற்றமாகத் தெரிந்து, விடையின் குறியையே புரட்டிவிடும்.

இனி, மேலே சொன்ன எல்லாவற்றையும் சோதனைக்கு உள்ளாக்கிய ஒரு காலாண்டுக்கு வருவோம். 2025இன் முதல் மூன்று மாதங்களில் சராசரி விலை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 38 விழுக்காடு உயர்ந்து 2,860 டாலரில் நின்றது. நகைத் தேவை 21 விழுக்காடு சரிந்து 380 டன்னானது. நெகிழ்ச்சி 0.55, செலவழித்த பணம் 9 விழுக்காடு கூடியது, 2024இன் நடத்தையே தொடர்ந்தது. ஆனால் பழைய தங்க வரத்து 345 டன்; முந்தைய ஆண்டைவிட ஒரு விழுக்காடு குறைவு! உச்சத்துக்கு மேல் உச்சம் தொட்ட காலாண்டில் விற்பவர்கள் அசையவே இல்லை.

மதகுக்கு மேலிருந்த நீர் 2024இலேயே வடிந்துவிட்டது என்பது விளக்கத்தின் ஒரு பாதி. மறுபாதி எதிர்பார்ப்பு. ஏறிய விலையை மக்கள் இரு விதமாகப் படிக்கலாம். ‘இவ்வளவு ஏறிவிட்டது, இனி இறங்கும்’ என்று படித்தால் இன்றே விற்பார்கள். ‘ஏறிக்கொண்டே இருக்கிறது, நாளை இன்னும் ஏறும்’ என்று படித்தால், இன்றைய உயர்ந்த விலையே விற்காமல் இருப்பதற்குக் காரணமாகிவிடும். விலை ஏற்றம் எதிர்பார்ப்பையும் அதே அளவுக்குத் தூக்கிக்கொண்டு போனால், அளிப்பின் நெகிழ்ச்சி கரைந்து சுழியமாகும். இரண்டாவது வகையினருக்குப் பணம் தேவைப்பட்டாலும் விற்க வேண்டியதில்லை, அடகு வைக்கலாம். நகையின் மதிப்பு ஏறியதால் அதே நகைக்குக் கூடுதல் கடன் கிடைக்கும், நகையும் கைவிட்டுப் போகாது. தங்கக் கடன் எளிதாகக் கிடைக்கும் இடங்களில் விலையேற்றம் விற்பனையாக மாறாமல் கடனாக மாறிவிடுகிறது. ஆனால் அந்தத் தங்கம் அளிப்புக் கணக்கிலிருந்து நிரந்தரமாக நீங்கிவிட்டதாக எண்ண வேண்டாம். விலை கடுமையாகச் சரிந்து, ஈட்டின் மதிப்பு கடனுக்குக் கீழே போகும் நிலை வந்தால், கடன் கொடுத்தவர்கள் ஏலத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்போது விலை இறங்கும்போது வரத்து கூடும் என்ற விசித்திரத்தைக் காண நேரிடும்.

நகை வாங்குபவரின் எதிர்வினை காலாண்டு தவறாமல் தெரிவதற்கும், விற்பவரின் எதிர்வினை சில சமயம் மறைந்துபோவதற்கும் காரணம் இதுவே. வாங்குபவரைத் தடுப்பது அவருடைய சட்டைப்பை. எதிர்பார்ப்பு என்னவாயினும் கையில் உள்ள தொகைக்கு மேல் அவரால் போக முடியாது. விற்பவரை எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. அவரால் காத்திருக்க முடியும். தேவையின் நெகிழ்ச்சி வரவு செலவால் கட்டுண்டது. அளிப்பின் நெகிழ்ச்சியோ மனநிலையை நம்பி நிற்பது.

இவற்றால் விலைக்கு என்ன நேரும் என்று கேட்டால், நகைத் தேவை குறைவதும் பழைய தங்கம் கூடுவதும் சேர்ந்து ஏற்றத்துக்கு ஒரு கடிவாளமாக நிற்கும் என்பதே வழக்கமான விடை. 2024இன் எண்களில் அந்தக் கடிவாளத்தின் அளவைப் பார்க்கலாம்: ஒரு பக்கம் 230 டன் அளவுக்குத் தேவை குறைந்தது, மறுபக்கம் 130 டன் அளவுக்கு வரத்து கூடியது, இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 360 டன் தங்கம் வேறு கைகளுக்குப் போகும்படி விடுவிக்கப்பட்டது. அந்த ஆண்டு மத்திய வங்கிகள் மட்டும் 1,000 டன்னுக்கு மேல் வாங்கின. கடிவாளம் இழுத்தது, ஆனால் குதிரையின் வேகம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வருங்காலத்தில் இந்தக் கடிவாளம் கணக்கேடுகளில் இன்னும் மெலிந்து தெரியலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நகை குறைந்த அதே 2024இல் தங்கக் கட்டிகளுக்கான தேவை 10 விழுக்காடு கூடி 860 டன்னைத் தொட்டது. சேமிப்பதற்காகவே நகை வாங்கி வந்தவர்களில் ஒரு பகுதியினர் செய்கூலி இல்லாத கட்டிக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். கட்டியை விற்கும்போது முதல் மீள 18 விழுக்காடு ஏற்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று விழுக்காடு ஏறினாலே கோட்டைத் தாண்டிவிடலாம். எனவே கட்டி வைத்திருப்பவர் சிறு விலை மாற்றத்துக்கும் விரைந்து விற்பார். ஆனால் அவர் விற்ற கட்டி பெரும்பாலும் உருக்கப்படாமலே அடுத்தவர் கைக்குப் போய்விடும். பழைய தங்க வரத்து என்ற கணக்கில் அது ஏறாது.